போன் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்

வணக்கம் அம்மா.

பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், தெருவில் இருக்கும் பெரியவர்களுக்கு ஸ்மார்ட்போன் சொல்லிக்கொடுத்துக் கட்டணம் வாங்கப்போவதாகச் சொல்கிறாள். நாளைக்கு யாருடைய கணக்கிலாவது பணம் காணாமல் போனால் பழி இவள் தலையில்தானே விழும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம். ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

அவளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். போன் எப்போதும் அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும். "இங்க குடுங்க பாட்டி, நான் பண்ணித் தரேன்" என்று வாங்கிவிட்டால் பாட்டி எதையும் கற்றுக்கொள்ள மாட்டார். அதோடு, அந்தப் போனில் நடந்த எல்லாவற்றுக்கும் இவளும் ஒரு சாட்சி ஆகிவிடுவாள். வங்கிகளும் இதைக் கறாராகத்தான் பார்க்கின்றன. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, வாடிக்கையாளரே பின் நம்பரை இன்னொருவரிடம் சொல்லி அதனால் பணம் போனால், வங்கியிடம் புகார் செய்யும்வரை ஏற்படும் நஷ்டம் அவருடையது. ஆகவே பின் நம்பர் போடும் நேரத்தில் உங்கள் மகள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நிற்கட்டும். மரியாதைக்காக அல்ல, பழக்கத்துக்காக. இன்னொருவர் பார்க்க அந்த எண்ணை அழுத்தக்கூடாது என்பதைப் பெரியவர்கள் பார்த்தே கற்றுக்கொள்வார்கள்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற ஆசிரியை, 70 வயது, தனியாக இருக்கிறார். மகன் துபாயில், மகள் பெங்களூரில். முதல் வகுப்பில் வீடியோ காலும் வேண்டாம், பணமும் வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்குவது, மணிச் சத்தத்தைக் கூட்டுவது, வருகிற அழைப்பை எடுப்பது, இவ்வளவு போதும். வயதானவர்கள் திரையைத் தொட்டால் விரலை உடனே எடுப்பதில்லை. போன் அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு ஐகான்களை இடம் மாற்றத் தொடங்கிவிடும். "என் போன் தானா ஆடுது" என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதியில் அந்த அழுத்த நேரத்தை நீட்டிவைக்கலாம். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது வகுப்பு வீடியோ காலுக்கு. முதலில் கேட்க வேண்டியது, பிள்ளைகள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், ஆனால் பேசவும் முகம் பார்க்கவும் முடியாது. அங்கே அது தடுக்கப்பட்டிருக்கிறது. துபாய் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்து அழைத்து, போன்தான் கெட்டுவிட்டது என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டிருப்பார். மகனிடம் கேட்டு போட்டிம், ஜூம் மாதிரி அங்கே ஓடும் ஆப் ஒன்றைப் போட வேண்டும். பெங்களூர் மகளுக்கு வாட்ஸ்அப்பே போதும். அழைப்பதைவிட எடுப்பதைத்தான் அதிகமாகப் பழக்க வேண்டும். பழக்கதோஷத்தில் போனைக் காதில் வைத்துவிடுவார்கள், பேரன் பாட்டியின் காதைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பான்! ஒரு டம்ளரில் சாய்த்து வைத்துப் பேசச் சொன்னால் இது சரியாகிவிடும்.

மூன்றாவது வகுப்பில்தான் பணம். பெரும்பாலும் முட்டுக்கட்டை வருவதும் இங்கேதான். யுபிஐ பதிவு செய்யும்போது அந்தப் போனில் இருக்கும் சிம்மிலிருந்து வங்கிச் சரிபார்ப்புக்காக ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகும். வங்கியில் பதிவான எண் அந்தச் சிம்மின் எண்ணாக இருக்க வேண்டும். பல வீடுகளில் அது காலமான கணவரின் பழைய எண்ணாகவோ மகனின் எண்ணாகவோ இருக்கும். அப்போது என்ன அழுத்தினாலும் நடக்காது, பாஸ்புக்கோடு கிளைக்குப் போய் எண்ணை மாற்றித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, ரீசார்ஜ் திட்டத்தில் எஸ்எம்எஸ் வசதி இல்லாவிட்டாலும் பதிவு நின்றுவிடும். இந்த இரண்டையும் முதல் வகுப்பிலேயே விசாரித்துவிட்டால் ஒரு நாள் வீணாகாது.

எந்தக் கணக்கை இணைப்பது? ஓய்வூதியம் வரும் கணக்கை இணைக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வேறொரு சேமிப்புக் கணக்கில் மூவாயிரம் ரூபாய் போட்டு அதை இணைக்கட்டும். ஏமாந்தாலும் போவது அவ்வளவுதான். யுபிஐ சர்க்கிள் என்று ஒரு வசதியும் இருக்கிறது. பெங்களூர் மகளின் கணக்கிலிருந்து அம்மா செலவு செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் மகள் சம்மதம் தரும்படி வைக்கலாம், அல்லது மாதம் 15,000 ரூபாய்க்கு உட்பட்டு ஒரு வரம்பு வைத்து விட்டுவிடலாம். எல்லா வங்கியிலும் எல்லா ஆப்பிலும் இது கிடைக்காது, பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழப்பம் எண்களில்தான். போன் பூட்டுக்கு ஒன்று, ஏடிஎம்முக்கு ஒன்று, யுபிஐக்கு ஒன்று. எல்லாவற்றையும் "பாஸ்வேர்டு" என்றே சொல்வார்கள், சிலர் போன் கவருக்குள் எழுதியும் வைப்பார்கள். ஒரு வாக்கியம் மனப்பாடம் ஆனால் போதும்: யுபிஐ பின் போட்டால் பணம் வெளியே போகும், உள்ளே வருவதற்குப் பின் தேவையே இல்லை. இருப்பு பார்க்கவும் பின் கேட்கும், அதையும் சொல்லிவைக்க வேண்டும். "உங்களுக்குப் பணம் அனுப்பறேன், பின் போடுங்க" என்று யார் சொன்னாலும் அது மோசடி.

பயிற்சிக்கு ஒரு ரூபாய். பெங்களூர் மகளுக்கு அனுப்பட்டும், உங்கள் மகளுக்கு அல்ல. கட்டணத்தையும் ரொக்கமாகவோ அந்தப் பிள்ளைகளிடமிருந்தோ வாங்கட்டும். அந்தப் போனிலிருந்து இவள் கணக்குக்கு ஒரு ரூபாய்கூடப் போனதாகப் பதிவு இருக்கக்கூடாது. அப்புறம் மருந்துக்கடைக்குக் கூடப் போய், ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் கடைப்பெயரைச் சத்தமாக வாசிக்கவைத்து, பிறகுதான் தொகை, பின். கேஷியரிடம் பெயரைச் சரிபார்க்கும் அந்த அரை நிமிடம் மிக முக்கியம்.

கட்டணம் பற்றிக் கேட்டீர்கள். முக்கால் மணி நேரத்துக்கு 200 ரூபாய், நான்கு வகுப்பு சேர்த்து 700 என்று தொடங்கலாம். ஆறு பேரை ஹாலில் உட்காரவைத்து நடத்தலாமே என்று தோன்றும். சரிவராது, ஆறு போனும் ஆறு மாதிரி. நவம்பரில் தனியாக ஒரு வேலை வரும். மத்திய அரசு ஓய்வூதியர்கள் அந்த மாதம் உயிர்வாழ் சான்று தர வேண்டும். ஜீவன் பிரமான் ஆப்போடு AadhaarFaceRD ஆப்பையும் போட்டு வீட்டிலிருந்தே முகம் காட்டி முடிக்கலாம். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், கண்ணைச் சிமிட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆப்புக்குக் கட்டணம் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, வந்து போவதற்கு மட்டும் 100 ரூபாய் வாங்கலாம்.

வகுப்பு முன்னறையில், பகல் நேரத்தில், உங்களுக்குத் தெரிந்த வீடுகளில் மட்டும். செமஸ்டருக்கு முந்தைய மாதம் புதிதாக யாரையும் எடுக்க வேண்டாம். இது வேலையாக நீடிக்காது, வருமானமும் கைச்செலவு அளவுதான். ஆனால் வங்கிப் பணிக்குப் போக நினைத்தால், வங்கி முகவர்களுக்காக ஐஐபிஎஃப் என்ற வங்கிப் பயிற்சி நிறுவனம் நடத்தும் சான்றிதழ்த் தேர்வு இருக்கிறது, அதை எழுதிப் பார்க்கலாம்.

ஒருவேளை யாருக்காவது பணம் போய்விட்டால், இவள் சமாதானம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். அந்த நிமிடமே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைத்து, வங்கிக்கும் சொல்லி, cybercrime.gov.in தளத்தில் புகார் பதிய வேண்டும். அழைப்பதும் அந்தப் பெரியவரே, இவள் பக்கத்தில் இருந்தால் போதும்.