கொஞ்ச நாள் பிரிந்திருந்து பார்க்கலாமா?

"கல்யாணமாகி 9 வருடம், 7 வயதில் மகன். கணவர் தன் தம்பிக்காக எனக்குத் தெரியாமல் கடன் வாங்கிக்கொண்டே இருக்கிறார். கேட்டால் சண்டை. விவாகரத்து வேண்டாம், ஆனால் இப்படியும் முடியவில்லை. கொஞ்ச நாள் பிரிந்திருக்கலாம் என்று இருவருமே நினைக்கிறோம். எவ்வளவு நாள், என்ன விதிகள்? தெளிவு கிடைக்குமா, முடிவு தள்ளித்தான் போகுமா?"
வாசகி, கோவை

பிரிந்தவுடன் கிடைப்பது நிம்மதி. தினசரிச் சண்டை நின்றுவிட்டதால் முதல் இரண்டு மூன்று வாரம் அநேகமாக எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். அதைத் தெளிவு என்று எடுத்துக்கொண்டு அந்த நாட்களில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். தெளிவு வேண்டுமானால், பிரிவதற்கு முன்பே எதைத் தெரிந்துகொள்ளப் பிரிகிறீர்கள் என்று ஒரே கேள்வியாக இருவரும் எழுதிக்கொள்ள வேண்டும். உங்கள் விஷயத்தில் அது, "எனக்குத் தெரியாமல் கடன் வாங்குவதை அவரால் நிறுத்த முடிகிறதா, பணத்தைப் பற்றிச் சண்டையில்லாமல் எங்களால் பேச முடிகிறதா?" என்பது. "எங்களுக்குள் அன்பு இருக்கிறதா" என்று பொதுவாக வைத்தால் எத்தனை மாதமானாலும் பதில் கிடைக்காது.

காலம் மூன்று மாதம் போதும். ஒரு மாதத்தில் அந்த நிம்மதி மட்டும்தான் தெரியும். ஆறு மாதம் தாண்டினால் இரண்டு தனித்தனிக் குடித்தனம் பழகிவிடும், யாருக்கும் பேச அவசரமிருக்காது. மூன்று மாதம் என்றால் மூன்று சம்பள நாள் வரும். உங்கள் பிரச்சினைக்கு அதுதான் சோதனை. கடைசித் தேதியை இப்போதே குறியுங்கள், ஆனால் பண்டிகையையோ வீட்டுக் கல்யாணத்தையோ ஒட்டி வேண்டாம். "நாலு பேர் முன்னால் ஜோடியாக நிற்க வேண்டுமே" என்று சேர்ந்துவிடுவது முடிவாகாது.

நீங்கள் அம்மா வீட்டுக்குப் போவதைவிட, முடிந்தால் கணவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்குவது நல்லது. நீங்கள் போனால் பையன் பள்ளி மாற வேண்டிவரும், அப்புறம் நகை, சீர் என்று பேச்சு இரண்டு குடும்பத்துக்குப் போய்விடும். பையனிடம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள்: அப்பா கொஞ்ச நாள் வேறு இடத்தில் தூங்குவார், சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிறு மாலை வரை உன்னோடு இருப்பார், இதற்கு நீ காரணமில்லை. அந்தச் சனிக்கிழமை தவறக்கூடாது.

பணத்துக்கு விதி தெளிவாக இருக்கட்டும். வாடகை, பள்ளிக் கட்டணம், இருக்கும் இ.எம்.ஐ. ஆகியவற்றில் யார் எதைக் கட்டுவது என்று தொகையோடு எழுதுங்கள். மாதம் ஒருமுறை அவர் தன் வங்கிக் கணக்கையும் சிபில் அறிக்கையையும் உங்கள் முன் திறந்து காட்டட்டும். புதிய கடன் அறிக்கையில் ஏறச் சில வாரம் ஆகலாம். தெரிந்தவரிடம் வாங்கும் கைமாற்று அதில் வரவே வராது. அதனால் அறிக்கையைவிட, கேட்பதற்கு முன் அவரே சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

மற்றவை சுருக்கமாக: வாரம் ஒருமுறை நேரில் பேச்சு, இடையில் வாட்ஸ்அப்பில் சண்டை இல்லை, இந்தக் காலத்தில் வேறு உறவு கிடையாது, உறவினரில் யாருக்குச் சொல்வது என்பதும் பேசி முடிவு செய்தது. தாம்பத்திய உறவு உண்டா இல்லையா என்பதையும் கூச்சப்படாமல் பேசிவிடுங்கள். சந்திக்கும் இரவுகள் இனிமையாக இருந்தால், கடன் விஷயம் பேசாமலே போய்விடும்.

சட்டத்தில் ஒரு எச்சரிக்கை. சம்மதத்தோடு பிரிந்திருப்பதைக் கைவிட்டதாகக் கருத முடியாது; அந்தச் சம்மதம் தேதியோடு மின்னஞ்சலில் இருப்பது இருவருக்கும் பாதுகாப்பு. ஆனால், பரஸ்பர சம்மதத்தில் பிரிந்து வாழும் மனைவி முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவாக இருந்த, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144ஆவது பிரிவின் கீழ் தனக்கு ஜீவனாம்சம் கேட்க முடியாது. அதனால் வீட்டுச் செலவை அவர் தருவார் என்பதும், இது தற்காலிகம் என்பதும் அந்த மின்னஞ்சலிலேயே இருக்கட்டும். "எதுவும் கோர மாட்டேன்" என்ற எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அடி, மிரட்டல் இருந்தால் இந்த ஏற்பாடே வேண்டாம், பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள்.

தள்ளிப்போடுகிறோம் என்பதற்கு அடையாளம் உண்டு. வாரச் சந்திப்பு ரத்தாகத் தொடங்கும், கணக்கு காட்டும் நாள் "அடுத்த வாரம்" ஆகும், கடைசித் தேதி நெருங்கியும் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஒருவர் மனதில் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு, சொல்லத் தைரியமில்லாமல் இதற்கு ஒப்புக்கொண்டிருந்தாலும் இப்படித்தான் நடக்கும். ஏக்கத்தையும் அளவுகோலாக்காதீர்கள், 9 வருடப் பழக்கம் ஏங்கத்தான் செய்யும். தம்பி மறுபடி பணம் கேட்டபோது கணவர் உங்களிடம் வந்து சொன்னாரா என்பதுதான் கணக்கு. சொல்லியிருந்தால், முழுதாகச் சரியாகாவிட்டாலும், சேர்ந்து வாழ்ந்தபடியே ஆலோசகரிடம் தொடரலாம். மறைத்திருந்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அடுத்த பேச்சு வழக்கறிஞரோடு. காலத்தை நீட்டுவது ஒரே ஒருமுறை, ஆறு வாரத்துக்கு மேல் வேண்டாம். அதுவும் ஆலோசனை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் மட்டும்.