சின்ன உருபா?

கேள்வி: ஊர் மலருக்கு ‘ஜூன் 12ஆம் தேதியில் மேட்டூர் அணையைத் திறந்தார்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். தமிழாசிரியர் ‘இல்’லை அடித்துவிட்டார். காலத்துக்கு ஏழாம் வேற்றுமை என்று தொல்காப்பியமே சொல்கிறதே! ஒரு சின்ன உருபுக்கு இவ்வளவு கறாரா?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: ஆசிரியர் செய்தது சரி. ‘வினைசெய் இடத்தின் நிலத்தின் காலத்தின்’ ஏழாம் வேற்றுமை வரும் என்றார் தொல்காப்பியர். காலச் சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் ‘இல்’லை ஒட்டச் சொல்லவில்லை. நேற்று, இன்று, நாளை மூன்றும் உருபில்லாமலே நிற்கும். கிழமையும் தேதியும் அப்படித்தான்: ‘செவ்வாய்க்கிழமை வந்தான்’, ‘12ஆம் தேதி திறந்தார்கள்’. வேண்டுமானால் ‘அன்று’ சேருங்கள். வாரந்தோறும் நடப்பதென்றால் மட்டும் ‘செவ்வாய்க்கிழமைகளில் சந்தை கூடும்’. மாதமும் ஆண்டும் ‘இல்’ கேட்கும். மணி ‘கு’ கேட்கும். ஆடியில் விதைத்தவர் காலை ஆறு மணிக்கு மடையைத் திறப்பார். ‘ஆறு மணியில்’ திறந்தவரை நம் டெல்டாவில் நான் பார்த்ததில்லை.

ஆனால் ‘சின்ன உருபு’ என்றீர்களே, அதை விடமாட்டேன். கடைமடைக்காரர் வாயில் வரக் கூடாத சொல் அது.

முறைப்பாசனம் நடந்த ஒரு பருவத்தில் எங்கள் பக்கத்து வாய்க்காலுக்கு ஓர் அறிவிப்பு வந்தது: ‘ஐந்து நாட்களில் தண்ணீர் விடப்படும்.’ ஐந்து நாள் கழித்து வரும் என்று சிலர் உழவைத் தள்ளிப் போட்டார்கள். அதற்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சிலர் மண்வெட்டியோடு கரையில் காத்திருந்தார்கள். எழுதியவர் மனதில் இருந்ததோ ‘ஐந்து நாட்களுக்கு’: மறுநாளே திறந்து, ஐந்து நாள் ஓடவிட்டு அடைப்பது. உழவைத் தள்ளிப் போட்டவர்கள் வயலுக்கு வந்தபோது முறை அடுத்த வாய்க்காலுக்குப் போய்விட்டது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது.

‘ஐந்து நாளைக்கு’ என்றால் நீர் ஓடும் காலம். ‘ஐந்து நாளுக்குள்’ என்றால் கெடு. ‘ஐந்து நாளாக’ என்றால் தொடங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘ஐந்து நாள் கழித்து’ என்றால் அதுவரை வாய்க்கால் காய்ந்தே கிடக்கும். நம் பாட்டிமார் பள்ளிக்கூடம் போகாமலே இவற்றைப் பிசகாமல் பேசினார்கள். அலுவலகக் கோப்புதான் எல்லாவற்றையும் ‘நாட்களில்’ என்று ஒரே சாக்கில் கட்டுகிறது. பத்திரிகைகளும் அதை அப்படியே அச்சடிக்கின்றன. இந்தச் சண்டையை நான் நிறுத்தப்போவதில்லை.

‘போது’ பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் மலர் அச்சுக்குப் போகும் முன் பாருங்கள். ‘நடவு செய்தபோது மழை பெய்தது’ என்றால் நடந்து முடிந்த ஒரு நாள். ‘நடவு செய்யும்போது மழை பெய்தால்’ என்றால் எந்த ஆண்டுக்கும் பொருந்தும். பெயர்ச்சொல்லோடு சேர்த்தால் ‘அறுவடையின்போது’. ‘அறுவடையின்போதில்’ என்று இரட்டை வால் வைக்காதீர்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் பொங்கலுக்கு முதல் நாளே வந்திருக்கலாம். பொங்கலன்று வந்தவர் அந்த ஒரு நாளில்தான் வந்தார்.

இனி வாய்க்கால் அறிவிப்பில் ‘நாட்களில்’ என்று பார்த்தால், நாட்களுக்கா, நாட்களுக்குள்ளா, நாட்கள் கழித்தா என்று கேட்டுத் திறக்கும் தேதியையும் அடைக்கும் தேதியையும் எழுதி வாங்குங்கள்.