எடை ஏன் நின்றது? பதினொரு மணிக்கு ஏன் கை நடுங்குகிறது?

கேள்வி: டாக்டர், எனக்கு 43 வயது. 82 கிலோ இருந்தேன். சர்க்கரைக்குக் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும் சாப்பிடுகிறேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் அளவுச் சோறு, இரவு வெறும் மோர் என்று மாற்றியதில் மூன்றே வாரத்தில் நான்கு கிலோ இறங்கியது. அப்புறம் ஐந்து வாரமாக அரை கிலோதான். முடி கொட்டுகிறது, மலச்சிக்கல் வேறு. பதினொரு மணி வாக்கில் கை நடுங்கி வியர்க்கிறது. கொழுப்பு கரைகிறது என்று நினைக்கிறேன். இரண்டு பிஸ்கட் சாப்பிட்டால் சரியாகிவிடும். தைராய்டு டெஸ்ட் நார்மல்தான். ஆனால் நெட்டில் படித்துவிட்டு அக்காவின் தைராய்டு மாத்திரையைப் பத்து நாளாகப் போடுகிறேன். என் உடம்பு கெட்டுப்போய்விட்டதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உடம்பு கெட்டுப்போகவில்லை. ஆனால் அந்த நடுக்கம் கொழுப்பு கரைவதால் வருவது இல்லை. கொழுப்பு கரையும்போது யாருக்கும் கை நடுங்காது. உங்களுக்குச் சர்க்கரை அளவு கீழே இறங்குகிறது என்றுதான் நினைக்கிறேன். இன்றே கவனிக்க வேண்டியது அதைத்தான்.

மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அபூர்வம். கிளிமெபிரைடு அப்படி இல்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். உங்கள் டாக்டர் டோஸை முடிவு செய்தது பழைய சாப்பாட்டைக் கணக்கில் வைத்து. சாப்பாடு குறைந்தது, மாத்திரை குறையவில்லை. இதில் எனக்கு அதிகக் கவலை இரவு மாத்திரைதான். வெறும் மோரோடு அதைப் போட்டுவிட்டுப் படுத்தால், தூக்கத்தில் சர்க்கரை இறங்குவது உங்களுக்கே தெரியாமல் போகலாம். இரவில் உடை நனைய வியர்ப்பது, கெட்ட கனவு, காலையில் தலைவலி இருந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

அடுத்த முறை நடுக்கம் வரும்போது குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்க மீட்டர் இல்லாவிட்டால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பிஸ்கட்டில் மாவும் கொழுப்பும் இருப்பதால் சர்க்கரை ஏறத் தாமதமாகும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். ஏறியதும் சாப்பிட்டுவிட வேண்டும், ஏனென்றால் இந்த மாத்திரையின் வேலை பல மணி நேரம் நீடிக்கும். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ வீட்டில் இருப்பவர்கள் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம். ஆனால் இரவு மாத்திரை போடும் நேரத்துக்கு முன்பே உங்கள் டாக்டருக்குப் போன் செய்து, சாப்பாட்டை மாற்றியதையும் இந்த நடுக்கத்தையும் சொல்லுங்கள்.

அக்காவின் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். தேவையில்லாத உடம்பில் தைராக்ஸின் சேர்ந்தால் படபடப்பு, நடுக்கம், வியர்வை எல்லாம் வரும். அப்புறம் எது லோ சுகர், எது மாத்திரையின் வேலை என்று எனக்கும் பிரித்துச் சொல்ல முடியாது. தொடர்ந்து போட்டால் தசையும் எலும்பும் தேயும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். டெஸ்ட் நார்மல் என்று கையில் ரிப்போர்ட் இருக்கும்போது யாரோ நெட்டில் சொன்னார்கள் என்று இன்னொருவர் மருந்தை எடுத்து விழுங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, எடைக்கு வருவோம். முதல் மூன்று வாரத்தில் போன நான்கு கிலோவில் ஒரு பகுதிதான் கொழுப்பு. ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நான்கு கிலோ என்றால் 30,000க்கு மேல், அதாவது 21 நாளும் தினம் கிட்டத்தட்ட 1,500 கலோரி குறைத்திருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டில் அது நடக்காது. தினம் 600 கலோரி குறைத்தீர்கள் என்று வைத்தால், போன கொழுப்பு ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலும் தசையும் அரை கிலோ அளவுக்கு மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும். அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோற்றைக் குறைத்ததும் இந்த இருப்பு குறைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் உப்பையும் அதோடு தண்ணீரையும் கூடுதலாக வெளியே விடும். இந்தத் தண்ணீர் ஒரு தடவைதான் போகும். நான்காவது வாரத்திலும் அதே வேகத்தை எதிர்பார்த்ததால்தான் ஏதோ நின்றுவிட்டது போல உங்களுக்குத் தெரிகிறது.

அதற்குப் பிறகு இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, செலவு குறைகிறது. எடை குறைந்த உடம்பை நடத்த குறைந்த சக்தி போதும். கொழுப்பு குறையும்போது லெப்டின் என்ற ஹார்மோனும் இறங்கும். அதைப் பார்த்து மூளை சிக்கனத்தில் இறங்குகிறது. நீங்கள் அறியாமலே கொஞ்சம் அதிகமாக உட்காருவீர்கள், ஒரு தடவைக்கு மேல் மாடி ஏற மாட்டீர்கள். இதெல்லாம் சேர்ந்து தினம் 150 கலோரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, பசி கூடுகிறது. பலர் கணக்கில் எடுக்காதது இதைத்தான். தாளிக்கும் எண்ணெயில் இரண்டு டீஸ்பூன் கூடினாலே 80, 90 கலோரி. சாயங்காலம் ஒரு கை வேர்க்கடலை, அது 150க்கு மேல். அதோடு உங்கள் பதினொரு மணி பிஸ்கட். மூன்றும் சேர்ந்தால் 300 ஆகிவிடும்.

இப்போது 600 கலோரி பற்றாக்குறையில் 150தான் மிச்சம். ஐந்து வாரத்துக்கு அது முக்கால் கிலோவுக்கும் குறைவு. மாதவிடாய்க்கு முன் உடம்பில் தங்கும் தண்ணீரே ஒரு கிலோ வரை இருக்கலாம் என்பதால், அந்த இறக்கத்தைத் தராசு மறைத்துவிடும். உங்கள் அரை கிலோ இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. இன்னொன்றையும் பாருங்கள். தேவைக்கு அதிகமான டோஸ் சர்க்கரையை இறக்குகிறது, இறங்கிய சர்க்கரை உங்களைச் சாப்பிட வைக்கிறது, அந்தச் சாப்பாடு எடையை நிறுத்துகிறது. டோஸைச் சரிசெய்தால் நடுக்கத்தோடு இந்த முட்டுக்கட்டையில் ஒரு பகுதியும் போகும்.

குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு கொழுப்பை எரிப்பதையே நிறுத்திவிடும் என்று நெட்டில் பரப்புகிறார்கள். அது நடப்பதில்லை. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் உடம்பின் செலவு பெரிதும் குறைந்தது. ஆனாலும் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கை இழந்தார்கள். எரிப்பு மெதுவாகும், நிற்காது.

முடி கொட்டுவது வேகமாக இளைத்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்தில் வருவதுதான், மறுபடி வளரும். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிடுங்கள். மலச்சிக்கலுக்கு காய்கறியும் தண்ணீரும் போதும்.

சாப்பாட்டை இதற்கு மேல் குறைக்க வேண்டாம். மதியம் ஒரு கிண்ணம் கூடுதல் சுண்டல் அல்லது இரண்டு முட்டை, இரவு மோருக்குப் பதிலாகப் பருப்போ மீனோ சேர்த்த சிறிய சாப்பாடு என்று புரதத்தைக் கூட்டுங்கள். அதற்கு முன் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் டெஸ்ட் பார்த்துக்கொள்ளுங்கள். புரதம் இல்லாமல் இளைத்தால் கொழுப்போடு தசையும் கரையும், அப்புறம் உடம்பின் செலவு இன்னும் குறையும். எடையைத் தினம் பார்க்காமல், இந்த மாத மாதவிடாய் முடிந்த மூன்றாம் நாளையும் அடுத்த மாதம் அதே நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். டாக்டரிடம் போகும்போது ஒரு வாரத்துக்கு அதிகாலை, பதினொரு மணி, படுக்கும் முன் என்று மூன்று வேளையும் குளுக்கோமீட்டரில் பார்த்த அளவுகளை எழுதிக்கொண்டு போங்கள். போன் செய்வதற்கு மட்டும் அந்த ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம்.