கதிர்ப்படத்தில் பொருள் எது, பிம்பம் எது?

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பாடநூலிலுள்ள குழியாடிக் கதிர்ப்படம் ஒன்றைக் கைபேசியில் எடுத்து அனுப்பி, பொருளின் தொலைவு, பிம்பத்தின் நிலை, பிம்பத்தின் தன்மை ஆகியவற்றை எழுதி வரச் சொன்னார்கள். பொருள் வளைவு மையமான C-க்கு அப்பால் இருக்கிறது, பிம்பம் சிறியது என்று அவள் எழுதினாள். பொருள் C-க்கும் குவியமான F-க்கும் இடையில், பிம்பம் பெரியது என்று ஆசிரியர் திருத்தியிருக்கிறார். நான் படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கி அளந்து பார்த்தேன். ஆடியின் மையமான P-யிலிருந்து F 2 செ.மீ., C 4 செ.மீ., சிறிய அம்பு 3 செ.மீ., பெரிய அம்பு 5.1 செ.மீ. தொலைவில் இருந்தன. சூத்திரத்தில் போட்டால் பிம்பம் 6 செ.மீ. தொலைவில் வர வேண்டும். படமே தவறா? இப்படிப்பட்ட படங்களை எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

ஆசிரியரின் திருத்தம் சரி, படமும் தவறில்லை. ஆனால் தங்கள் மகள் செய்த பிழைக்குக் கவனக்குறைவு காரணமல்ல. குழியாடிப் படங்களில் எளிதில் குழப்பக்கூடிய இரண்டு படங்களில் ஒன்று அவளுக்கு வந்திருக்கிறது.

ஒளி தான் சென்ற பாதையிலேயே திரும்பி வரக்கூடியது. பொருள் C-க்கு அப்பால் இருந்தால் பிம்பம் C-க்கும் F-க்கும் இடையில் விழுகிறது. அந்தப் பிம்பம் இருந்த இடத்தில் பொருளை வைத்தால் பிம்பம் பழைய பொருள் இருந்த இடத்திற்குப் போய்விடுகிறது. ஆகவே இந்த இரு நிலைகளுக்கான படங்களிலும் கோடுகள் அவையேதான். ஒன்றை முதன்மை அச்சின் மேல் மடித்துக் கவிழ்த்து, கதிர்களின் அம்புக்குறிகளைத் திருப்பிப் போட்டால் மற்றது கிடைத்துவிடும். முதல் படத்தில் அச்சுக்கு இணையாக ஆடியை நோக்கிச் செல்லும் கதிர், இரண்டாவது படத்தில் ஆடியில் பட்டு அச்சுக்கு இணையாகத் திரும்பும் கதிராகிறது. அம்புக்குறிகள் மங்கிய புகைப்படத்தில் ஒரு பெரிய அம்பும் ஒரு சிறிய அம்பும் மட்டுமே தெரியும்போது, பெரியதைப் பொருள் என்று கொள்வது மாணவர்களுக்கு இயல்பாக வருகிறது.

எனவே முதலில் தீர்க்க வேண்டியது தொலைவை அல்ல, இரண்டு அம்புகளில் பொருள் எது என்பதையே. படுகதிர்கள் எந்த அம்பின் நுனியிலிருந்து புறப்படுகின்றனவோ அதுவே பொருள். அம்புக்குறிகள் தெரிந்தால் ஒரே ஒரு கதிரைப் பின்தொடர்வது போதும்: ஒரு நுனியிலிருந்து அச்சுக்கு இணையாகச் சென்று, ஆடியில் பட்டு, F வழியாகத் திரும்பும் கதிரைத் தேடிப் பிடியுங்கள், அது தொடங்கும் இடம் பொருளின் நுனி. C வழியாகச் செல்லும் கதிரை இதற்கு நம்ப வேண்டாம். அது ஆடியில் செங்குத்தாக விழுந்து வந்த வழியே திரும்புவதால், அதன்மேல் இரு திசைகளிலும் அம்புக்குறி இருக்கும். அதைக்கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

அம்புக்குறிகள் அழிந்தே போயிருந்தாலும் ஒரு தடயம் எஞ்சியிருக்கும். பொருளின் நுனியில் கதிர்கள் தொடங்குகின்றன; அதற்குப் பின்னால் கோடு இருக்காது. பிம்பத்தின் நுனியிலோ கதிர்கள் ஒன்றையொன்று வெட்டி, பெரும்பாலும் சிறிது தூரம் கடந்து சென்ற பிறகே முடியும்படி வரைந்திருப்பார்கள். இந்த நீட்சி எந்த அம்பின் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் போதும். பொருளை AB என்றும் பிம்பத்தை A′B′ என்றும் குறித்திருந்தால் அதுவும் உதவும், ஆனால் அந்தச் சிறு கீற்றுதான் புகைப்படத்தில் முதலில் காணாமல் போவது. பொருளை அச்சுக்கு மேலே நிமிர்த்தி வரைவது வழக்கம் என்பதையும் துணைக்குக் கொள்ளலாம். அது வழக்கம் மட்டுமே. கைபேசியைப் பக்கத்தின்மேல் தட்டையாகப் பிடித்து எடுத்த படம் சில நேரம் தலைகீழாகச் சேமிக்கப்பட்டுவிடும், அப்போது மேலே நிற்பது பிம்பமாக இருக்கும். எழுத்துகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே இந்த வழக்கத்தைப் பயன்படுத்த வேண்டும்.

பொருள் எது என்று தெரிந்தபின், அச்சின்மேல் P, F, C மூன்றையும் கண்டுபிடித்து, பொருளின் அடி அவற்றுள் எவற்றிற்கு இடையில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இத்தகைய வினாவில் ‘பொருளின் தொலைவு’ என்ற இடத்தில் எதிர்பார்க்கப்படுவது இதுதான். படத்தில் எண் எதுவும் அச்சிடப்படவில்லை என்றால், ‘C-க்கும் F-க்கும் இடையில்’ என்பதே முழுமையான விடை. அதையே ‘குவியத் தொலைவைவிட அதிகம், அதன் இருமடங்கைவிடக் குறைவு’ என்றும் எழுதலாம். செ.மீ. கணக்கில் எழுதுவது தவறு என்றே சொல்வேன், ஏனெனில் திரையில் பெரிதாக்கிய படத்தின் செ.மீ. எந்தக் குழியாடியின் அளவும் அல்ல.

இந்த விடைக்கு இன்னொரு வலிமையும் உண்டு. புகைப்படம் சாய்வாக எடுக்கப்பட்டால், கைபேசிக்குத் தொலைவிலுள்ள பக்கம் சுருங்கித் தெரியும். நூலில் சமமாக இருந்த PF, FC ஆகிய இரு நீளங்களும் படத்தில் சமமற்றுப் போகும். ஆனால் அச்சின்மேல் P, F, பொருள், C என்ற வரிசை எவ்வளவு சாய்ந்தாலும் மாறாது. இரு கோடுகள் வெட்டும் புள்ளி வெட்டும் புள்ளியாகவே இருக்கும். நூலின் நடு மடிப்பருகே தாள் வளைந்து கோடுகள் கோணலாகத் தெரிந்தாலும் இந்த வரிசை தப்பிவிடுகிறது. படத்தைக் கொண்டு ஏதேனும் விகிதம் காண விரும்பினால் மட்டும், முதலில் PF-ஐயும் FC-ஐயும் அளந்து அவை சமமா என்று சோதித்துக்கொள்ளுங்கள். தாங்கள் அளந்த படத்தில் 2 செ.மீ., 4 செ.மீ. என்று வந்திருப்பதால் அது நேராக எடுக்கப்பட்ட படம்தான்.

அப்படியானால் 5.1 எங்கிருந்து வந்தது? இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கவனமாக அளந்த ஒருவர் தம் அளவையே சந்தேகிக்கும்படி இந்த வேறுபாடு செய்துவிடுகிறது.

குறியீட்டு மரபின்படி பொருளின் தொலைவு u = −3, குவியத் தொலைவு f = −2 என்று 1/u + 1/v = 1/f என்ற சமன்பாட்டில் இட்டால் பிம்பத்தின் தொலைவு v = −6; உருப்பெருக்கம் −2. அதாவது பிம்பம் 6 செ.மீ. தொலைவில், பொருளைப்போல் இருமடங்கு உயரத்தில், தலைகீழாக அமைய வேண்டும். இந்தச் சமன்பாடு அச்சை ஒட்டிச் செல்லும் கதிர்களுக்கானது. குவியத் தொலைவு ஒரு மீட்டராக இருக்க, பொருள் சில மி.மீ. மட்டுமே உயரமாக இருந்தால் அது மிக நன்றாகப் பொருந்தும். ஆனால் பாடநூல் படத்தில் பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, குவியத் தொலைவின் பாதி அளவு உயரத்திற்கு அதை வரைகிறார்கள். பொருளின் உயரம் 1 செ.மீ. என்று கொள்வோம். 4 செ.மீ. ஆரமுள்ள வட்ட வில்லின்மேல், அச்சுக்கு இணையான கதிர் P-யின் நேர்க்கோட்டிலிருந்து சுமார் 0.13 செ.மீ. முன்னால் தள்ளியே பட்டுவிடுகிறது. F வழியாகச் செல்லும் இரண்டாவது கதிர் அச்சுக்குக் கீழே 2 செ.மீ. இறங்கும் முன்பே, 1.65 செ.மீ. ஆழத்தில் வளைந்த ஆடியைத் தொட்டுவிடுகிறது. அங்கிருந்து அச்சுக்கு இணையாகத் திரும்புகிறது. முதல் கதிர் F வழியாகத் திரும்பி வந்து இதை வெட்டும் இடம் P-யிலிருந்து 5.08 செ.மீ. தொலைவு. தங்கள் அளவு 5.1. ஆக, வரைந்தவர் வளைந்த ஆடியின்மேல் விதிகளைப் பிசகாமல் பின்பற்றி வரைந்திருக்கிறார், தாங்களும் சரியாக அளந்திருக்கிறீர்கள்.

பெரிய அம்பின் உயரத்தையும் அளந்து பாருங்கள். அது சிறியதைப்போல் இருமடங்கு இருக்காது; ஏறத்தாழ 1.65 மடங்கே இருக்கும். பொருளின் உயரத்தை அரை செ.மீ. ஆகக் குறைத்து அதே படத்தை வரைந்தால் பிம்பம் 5.7 செ.மீ. தொலைவுக்கு நகர்ந்து சமன்பாட்டை நெருங்கும். வரைபடத்தாளில் ஆடியின் வளைவுக்குப் பதிலாக P வழியே அச்சுக்குச் செங்குத்தாக ஒரு நேர்க்கோடு வரைந்து, கதிர்கள் அந்தக் கோட்டிலேயே திரும்புவதாகக் கொண்டால், பிம்பம் மிகச் சரியாக 6 செ.மீ. தொலைவில், 2 செ.மீ. உயரத்தில் விழும். தங்கள் மகளோடு சேர்ந்து இதை ஒருமுறை வரைந்து பாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. வளைவில் வரைந்தாலும் நேர்க்கோட்டில் வரைந்தாலும் பிம்பம் C-க்கு அப்பால்தான் இருக்கும், பொருளைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். எண்ணைக் கேட்காமல் நிலையைக் கேட்பதற்கு இதுவே நியாயம்.

பிம்பத்தின் தன்மையைத் தீர்மானிக்கக் கதிர்கள் உண்மையாகவே சந்திக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எதிரொளித்த கதிர்கள், அதாவது தொடர்கோடுகள், ஆடியின் முன்னால் ஒரு புள்ளியில் வெட்டினால் மெய் பிம்பம். அது அச்சுக்குக் கீழே தலைகீழாக இருக்கும். திரும்பிய கதிர்கள் விரிந்து சென்று, ஆடிக்குப் பின்னால் நீட்டப்பட்ட புள்ளிக்கோடுகள் மட்டும் சந்தித்தால் மாய பிம்பம். அது நேராக இருக்கும். புகைப்படத்தில் ஆபத்து இங்கேதான். மங்கலான படத்தில் புள்ளிக்கோடு தொடர்கோடாகத் தெரியலாம், அல்லது முற்றிலும் மறைந்துவிடலாம். பொருள் F-க்கும் P-க்கும் இடையில் இருக்கும் படத்தில் புள்ளிக்கோடுகள் மறைந்துவிட்டால், பிம்பமே இல்லாத படம்போல் தோன்றும். அப்போது ஆடியின் முன்னால் கதிர்கள் விரிகின்றனவா என்று பார்த்து, அவற்றை அளவுகோலால் பின்னோக்கி நீட்டினால் பிம்பம் தானே கிடைக்கும். எதிரொளிக்காத பக்கத்தைச் சிறு சாய்கோடுகளால் நிழலிட்டுக் காட்டுவார்கள் என்பதால், எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்பதில் ஐயம் வராது.

குவிலென்சுப் படம் வந்தால் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆடியில் மெய் பிம்பம் பொருள் இருக்கும் பக்கத்திலேயே அமையும். லென்சில் அது மறுபக்கத்தில் அமையும், மாய பிம்பமே பொருளின் பக்கம் இருக்கும். C-க்குப் பதிலாக இருபுறமும் 2F என்று குறித்திருப்பார்கள். மற்றபடி பார்க்கும் வரிசை இதுவே.

தங்கள் மகளின் படத்திற்கு நான் எழுதக்கூடிய விடை: பொருள் C-க்கும் F-க்கும் இடையில் உள்ளது, பிம்பம் ஆடியின் முன்னால், C-க்கு அப்பால் அமைகிறது, அது மெய் பிம்பம், தலைகீழானது, பொருளைவிடப் பெரியது.

அன்புடன்.