நாளேட்டைப் புரட்டும் கணினி

கேள்வி: ஈரோட்டில் ஒரு மொத்த ஜவுளி நிறுவனத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பில்லிங் மென்பொருளில் ஒரு வாடிக்கையாளரின் பழைய விற்பனையைத் தேடினால் 20 விநாடி ஆகிறது. ஐந்து வருடத்தில் 36 லட்சம் வரிகள் சேர்ந்துவிட்டன. வாடிக்கையாளர் எண்ணுக்கு இண்டெக்ஸ் கிடையாது. மேலாளர் 25 வருடம் கணக்கு எழுதியவர். இரண்டு லட்சத்துக்குப் புது சர்வர் வாங்கப்போகிறார். ‘டேபிள் ஸ்கேன்’ என்று சொன்னேன், எரிச்சலானார். ‘ஒரு பெரிய நூலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஆரம்பித்தேன், ‘நான் என்ன எல்.கே.ஜி. பையனா?’ என்று எழுந்து போய்விட்டார். எப்படித்தான் சொல்வது?

பதில்: நூலகத்தை விடுங்கள். 25 வருடம் கணக்கு எழுதியவரிடம் தேதிவாரியாக எழுதும் நாளேடும் பார்ட்டிவாரியாக எழுதும் பேரேடும் இருக்கும்போது நூலகத்துக்கு ஏன் போனீர்கள்? அவருக்குக் கோபம் வந்தது உவமையால் அல்ல, அது யாருக்கு வேண்டுமானாலும் சொல்லக்கூடிய உவமை என்பதால். நானும் ஒருமுறை ஒரு மூத்த அதிகாரியிடம் ‘சர்வருக்குச் சளி பிடித்திருக்கிறது’ என்று சொல்லிவிட்டு, அவர் முகம் மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

அவரிடம் இப்படித் தொடங்கிப் பாருங்கள்: “சார், நம் விற்பனைப் பதிவு முழுவதும் நாளேடு மாதிரி தேதி வரிசையில் கிடக்கிறது. ஒரு பார்ட்டியின் கணக்கைக் கேட்டால், மென்பொருள் முதல் பக்கத்திலிருந்து 36 லட்சம் வரிகளையும் புரட்டுகிறது.” இதற்கு மேல் நீங்கள் விளக்கவே வேண்டியிருக்காது. “பேரேடு போடவில்லையா?” என்று அவரே கேட்பார். பேரேட்டின் முன்பக்கத்தில் பெயர்களை அகரவரிசையில் எழுதி எதிரே பக்க எண் போடுவார்களே, நீங்கள் சேர்க்கப்போவது ஏறக்குறைய அதுதான். அதற்கு ‘இண்டெக்ஸ்’ என்று பெயர் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுங்கள். நாளை மென்பொருள் விற்றவரிடம் அவர் பேச வேண்டியிருக்கும். அப்போது அந்தச் சொல் கையில் இல்லாமல் அவரை விடுவதும் ஒருவகையில் அவமதிப்புதான்.

“போன வருடம் நன்றாகத்தானே ஓடியது?” என்பார். நியாயமான கேள்வி. நாளேடு மெலிதாக இருந்தவரை புரட்டுவது உறைக்கவில்லை. கணினியின் நினைவகத்திலேயே அடங்கியிருக்கும். தடித்ததும் வட்டிலிருந்து படிக்க வேண்டியதாகிவிட்டது. புது சர்வர் வேகமாகப் புரட்டும், ஆனால் புரட்டத்தான் செய்யும். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவசரப்படாமல் சொல்லுங்கள்.

செலவையும் மறைக்காதீர்கள். பேரேடு வைத்தால் ஒவ்வொரு பில்லையும் அங்கேயும் பதிய வேண்டும். மென்பொருள் அதைத் தானே செய்துகொள்ளும், ஆனால் பில் சேமிக்கும் நேரம் துளி கூடும், வட்டில் கொஞ்சம் இடமும் போகும்.

பலரும் சொல்லாமல் விட்டு மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் எண்ணைக் கொடுத்துத் தேடினால் வேகம் கிடைக்கும். ஆனால் கவுன்ட்டரில் இருப்பவர் பெயரின் நடுத்துண்டை மட்டும் தட்டித் தேடினால் இந்த இண்டெக்ஸ் உதவாது. பெயருக்குத் தனியாக இண்டெக்ஸ் போட்டாலும் நடுத்துண்டுக்கு அது பயன்படாது. ‘ஸ்ரீ முருகன் டெக்ஸ்டைல்ஸ்’ என்பதில் ‘முருகன்’ மட்டும் தெரிந்தால் அகரவரிசைப் பட்டியலில் எந்த எழுத்துக்குப் போவது? முன்கூட்டியே சொல்லிவைத்தால் தலையசைப்பார். அவராகக் கண்டுபிடித்தால் நீங்கள் சொன்ன மற்றதையும் சந்தேகிப்பார்.

பேச்சின் நடுவே “புரிகிறதா சார்?” என்று கேட்காதீர்கள். அது பரீட்சை. “இதில் எது இடிக்கிறது?” என்று கேட்டால் அது கலந்தாலோசனை. ‘உங்களுக்குப் புரிகிற மாதிரி’ என்ற தொடரை அடியோடு மறந்துவிடுங்கள்.

பிறகு வேலை. முதலில் தரவின் நகல் ஒன்றில் செய்து பாருங்கள். உங்கள் தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல் என்றால் (அட்டவணைப் பெயர்களை உங்களுடையபடி மாற்றிக்கொள்ளுங்கள்):

```
EXPLAIN SELECT * FROM sales WHERE party_id = 1042;
CREATE INDEX idx_party ON sales (party_id);
```

முதல் கட்டளையில் `type` என்ற இடத்தில் `ALL` என்று வந்தால் முழுவதையும் புரட்டுகிறது என்று பொருள். இண்டெக்ஸ் போட்டபின் மறுபடி ஓட்டினால் அது `ref` என்று மாற வேண்டும். `rows` லட்சங்களிலிருந்து நூறுகளுக்கு இறங்க வேண்டும். இந்தத் திரையை மேலாளரிடம் காட்ட வேண்டாம். அவருக்குக் கவுன்ட்டரும் கைக்கடிகாரமும் போதும். இன்று ஒரு பார்ட்டியின் கணக்கை அவர் கண்முன் தேடி 20 விநாடியை எண்ணச் சொல்லுங்கள். இரவு கடை மூடியதும் பேக்கப் எடுத்துவிட்டு இண்டெக்ஸ் போடுங்கள். காலையில் அதே பார்ட்டியை அவரையே தேடச் சொல்லுங்கள்.

சர்வரைப் பற்றி நீங்கள் பேச்செடுக்க வேண்டாம். கொட்டேஷனை அவரே ஓரமாக வைக்கட்டும். இண்டெக்ஸ் போட்டும் மாதக் கடைசி அறிக்கைகள் இழுத்தடித்தால், அது வேறு சிக்கல். ஒருவேளை அப்போது சர்வர் உண்மையிலேயே தேவைப்படலாம். அதையும் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.