விளையாட்டரங்கின் வெளிச்சுவரும் 3 மில்லிமீட்டர் மனிதர்களும்: கேள்வி பதில்

பேராக்கில் எங்கள் தோட்டப் பட்டணத்துப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளி மண்டபச் சுவரில் புக்கிட் ஜாலில் மாதிரி ஒரு அரங்கம் வரையப் போகிறார்கள். முதலில் தாளில் பழக வேண்டும். நான் பல காலம் விளம்பரப் பலகை எழுதியவன், அதனால் கேள்விகள் என்னிடம் வந்தன.

பள்ளி ஆசிரியை: தூண்களை ஒரே இடைவெளியில் போட்டோம். அரங்கம் வளையவே மாட்டேன் என்கிறது, நீளமான மதில் மாதிரி நிற்கிறது. என்ன செய்வது?

டீச்சர், தூண்கள் சம தூரத்தில் நிற்பது தரையில்தான். நம் கண்ணுக்கு நடுவில் அகலமாகவும் ஓரத்தில் நெருங்கியும் தெரியும். அந்த நெருக்கம்தான் சுவரை வளைக்கிறது.

கணக்கு எளிதாக வர, ஒரு வட்ட அரங்கம் வைத்துக்கொள்வோம். நிஜ அரங்கங்கள் பெரும்பாலும் நீள்வட்டம், ஆனால் வழி ஒன்றுதான். ஆரம் 100 மீட்டர், சுவர் உயரம் 30 மீட்டர், சுற்றிலும் 36 கட்டங்கள், தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்டது ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டமும் 17 மீட்டர் சொச்சம். நீங்கள் சுவரிலிருந்து 100 மீட்டர் தள்ளி, எதிரே கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறீர்கள்.

தனித்தாளில் 5 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் போடுங்கள். கோணமானி வைத்து 10 பாகைக்கு ஒரு புள்ளி. முதல் புள்ளி உங்களுக்கு நேர் எதிரே இருக்கட்டும். வட்டத்துக்கு வெளியே 5 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி வையுங்கள், அதுதான் உங்கள் கண். வட்டத்தின் முன்பக்கத்தைத் தொட்டபடி குறுக்கே ஒரு நேர்கோடு. இப்போது கண்ணிலிருந்து ஒவ்வொரு தூணுக்கும் ரூலர் வைத்து இழுத்தால், குறுக்குக் கோட்டில் எங்கே வெட்டுகிறதோ அதுதான் படத்தில் தூணின் இடம்.

அதைப் பெருக்கி, படத்தின் பாதி அகலம் 10 சென்டிமீட்டர் என்று வைத்தால், நடுவிலிருந்து ஓரம் வரை கட்டங்களின் அகலம் ஏறக்குறைய 3, 2.6, 2, 1.4, 0.75, 0.2 சென்டிமீட்டர். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஆறு. மொத்தம் 12 கட்டம்தான் தெரியும், 18 இல்லை. பாதி வட்டம் தெரியும் என்று நினைத்து 18 போடுகிறவர்கள்தான் அதிகம். அவ்வளவு கிட்டே நின்றால் பாதி தெரியாது.

உயரமும் மாறும். நடுத்தூண் 5.2 சென்டிமீட்டர் என்றால் ஓரத்தூண் அதில் மூன்றில் இரண்டு பங்கு, 3.5 சென்டிமீட்டர். நேர் முன்னோக்கி அளந்தால் ஓரத்துத் தூண் ஒன்றரை மடங்கு தூரத்தில் இருக்கிறதே.

லோரி ஓட்டும் தம்பி: அண்ணே, ஒரு கட்டத்தை நல்லா வரைஞ்சு டிரேசிங் பேப்பரில் எடுத்து மற்றதெல்லாம் அப்படியே ஒட்டிடலாமா?

முடியாது தம்பி. இடப்பக்கத்து மூன்றாவது கட்டத்தைத் திருப்பிப் போட்டு வலப்பக்கத்து மூன்றாவதாக எடுக்கலாம், அதுவும் நேர் எதிரே நின்று பார்த்தால் மட்டும். பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினால் மேலே கேட்ட மதில்தான் வரும்.

கல்லூரி மாணவி: தூரத்து ஆட்கள் சின்னதாகவும் கீழேயும் போகணும்னு படிச்சேன். அப்படிப் போட்டா எல்லாரும் குழியில் நிற்கிற மாதிரி இருக்கு.

சின்னதாக வேண்டும் என்பது சரி. கீழே என்பது தப்பு. கண்மட்டக் கோடு போட்டீர்களா? நான் எல்லாரிடமும் முதலில் கேட்பது இதுதான்.

சமதரையில், உங்கள் உயரமே உள்ளவர் எத்தனை தூரத்தில் நின்றாலும் அவர் கண் அந்தக் கோட்டில்தான் இருக்கும். தலை அப்படியே நிற்க, தூரம் போகப் போகக் கால்தான் மேலே ஏறும். நம் கணக்கில் சுவரடியில் நிற்பவர் 3 மில்லிமீட்டர். பாதி வழியில், 50 மீட்டரில் நிற்பவர் 6. ஓரத்துத் தூணடியில் நிற்பவர் 2. அதனால் தூரத்துக் கூட்டம் மெல்லிய ஒரு பட்டையாகத்தான் தெரியும். பட்டையின் மேல்விளிம்பு கிட்டத்தட்ட சமம். குழந்தைகள் இருக்கும் இடத்தில் கொஞ்சம் தாழும், அப்பா தோளில் பிள்ளை உட்கார்ந்த இடத்தில் எழும்பும். கீழ்விளிம்புதான் ஏறி இறங்கும்.

படிக்கட்டில் ஏறுகிறவர்கள் மட்டும் கோட்டுக்கு மேலே போவார்கள். அரங்க வாசலில் உயர்ந்த மேடை இருந்தால் அங்கே நிற்பவர்கள் எல்லாருமே மேலேதான்.

அதே மாணவி: மேம்பாலத்தில் நின்று பார்த்தால்?

நல்ல கேள்வி. கண் தரையிலிருந்து 8.5 மீட்டர் உயரத்தில், ஆள் 1.7 மீட்டர் என்று வையுங்கள். ஐந்தில் ஒன்று. படத்தில் எந்த இடத்தில் காலை வைத்தாலும், அங்கிருந்து கண்மட்டக் கோடு வரை அளந்து ஐந்தாகப் பிரியுங்கள். ஒரு பங்குதான் ஆள். கால் முதல் கோடு வரை 4 சென்டிமீட்டர் என்றால் ஆள் 8 மில்லிமீட்டர், 1 சென்டிமீட்டர் என்றால் 2 மில்லிமீட்டர். இப்படிப் பார்த்தால் கூட்டம் பட்டையாக இல்லாமல் தரையில் பரவித் தெரியும். சுவரில் வரைய எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஒரு தாத்தா: புக்கிட் ஜாலில் முன்னே ரப்பர் தோட்டம். லயன் வீடு, கோயில் எல்லாம் போடுவீங்களா?

ஐயா, கேள்வி அரங்கத்தின் அளவைப் பற்றி. ஆனால் மரம் போடுங்கள் என்பேன். நன்றாக வளர்ந்த ரப்பர் மரம் 20 மீட்டர் வரை போகும். சுவரடியில் ஒன்று நின்றால் 30 மீட்டர் சுவரில் மூன்றில் இரண்டு பங்கு எட்டும், அரங்கம் எவ்வளவு பெரிது என்பதும் உடனே தெரியும். லயன் வீட்டைப் பற்றி ஆசிரியையிடம் பேசுங்கள், அது அவர்கள் முடிவு.

திருமணப் படம் எடுக்கும் நண்பர்: எதுக்கு இந்தக் கணக்கெல்லாம்? போனில் படம் எடுத்து சுவரில் புரொஜெக்டர் அடிச்சு வரைஞ்சா முடிஞ்சது.

முடியும். ஆனால் கிட்டே நின்று அகலமான லென்ஸில் எடுத்தால் ஓரத்தில் இருப்பதெல்லாம் பக்கவாட்டில் இழுபடும், ஓரத்து ஆட்கள் குண்டாகிவிடுவார்கள். போனை மேல்நோக்கிச் சாய்த்தால் தூண்கள் உள்பக்கம் சாயும்.

அதே நண்பர்: தள்ளி நின்று ஜூம் பண்ணி எடுத்தா?

இழுபடாது. அப்போது தெரிகிற கட்டங்களின் எண்ணிக்கை கூடும், ஓரத்துத் தூண்களும் அவ்வளவு குட்டையாகாது. படம் கொஞ்சம் தட்டையாக இருக்கும். அது உங்களுக்குப் பிடிக்கலாம், எனக்குக் கிட்டே நின்ற வளைவுதான் பிடிக்கும். புரொஜெக்டரையும் சுவருக்கு நேராக வையுங்கள். இதற்கு மேல் நம் இருவருக்கும் ஒத்துப்போகாது, விடுங்கள்.

ஆசிரியை: ஓரத்து 2 மில்லிமீட்டர் கட்டத்தில் தூண், நிழல், ஜன்னல் எல்லாம் எப்படிப் போடுவது?

போடாதீர்கள். கடைசி இரண்டு கட்டங்களை ஒரே நிழலாகச் சேர்த்துவிடுங்கள். படக்கார நண்பர் இதற்கும் மறுக்கிறார், வரிசை கடைசி வரை தெரிவதுதான் அரங்கத்துக்கு அழகு என்கிறார். 1.4 சென்டிமீட்டர் கட்டம் வரை அது சரி. அதற்குக் கீழே பென்சில் முனையின் தடிமன் தூணின் தடிமனைத் தாண்டிவிடும்.

பதின்ம வயதுப் பையன்: எத்தனை ஆள் போடணும்?

எண்ணிப் போடாதே. வாசலில் கெட்டியாக, வாசலுக்கு வரும் வழியில் வரிசையாக, மற்ற இடத்தில் இரண்டு மூன்று பேராக. நடுவே வெறுந்தரை தெரிய வேண்டும்.

இன்னொருவர்: மொத்தம் எவ்வளவு பேர் வரையலாம்?

மேலே பாருங்கள்.

லோரி ஓட்டும் தம்பி: எல்லாரும் மஞ்சள் சட்டை. மஞ்சள் புள்ளி வெச்சா வெள்ளைச் சுவரில் தெரியவே மாட்டேங்குது.

மலேசியக் குழு ஆட்டம் என்றால் மஞ்சள்தான், வேறு வழியில்லை. முதலில் கூட்டம் முழுவதையும் கரும்பழுப்பில் ஒரே பட்டையாக இழு. காய்ந்த பிறகு மேல்பாதியில் மஞ்சள் புள்ளிகளைச் சீரில்லாமல் வை. தலைக்கும் காலுக்கும் கீழிருக்கும் பழுப்பே போதும். 3 மில்லிமீட்டர் ஆளின் தலை அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கண், கை, விரல் வரையப் போனால் அந்த ஆள் பெரிதாகிவிடுவான், அரங்கம் சின்னதாகிவிடும்.

புதிதாக வந்தவர்: ஆட்கள் எவ்வளவு உயரம் இருக்கணும், எத்தனை பேர் போடணும்?

கண்மட்டக் கோடு போட்டீர்களா? போட்டுவிட்டு மாணவிக்குச் சொன்னதைப் படியுங்கள். சுவரடி ஆளைச் சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன்: நடுக்கட்டத்தின் அகலத்தைப் பத்தாகப் பிரித்தால் ஒரு பங்குதான் அவர் உயரம். அதைவிடக் கூடினால் அழித்துவிட்டுப் போடுங்கள்.