தோண்டாத தங்கம் சந்தைக்கு வரும் வழி

"சுரங்கக் கம்பெனி அடுத்த வருடத் தங்கத்தை இப்போதே விற்றுவிட்டதாம். மண்ணுக்குள் இருக்கும் தங்கம் இன்றைய விலையை எப்படி இறக்கும்?"

இறக்குவது வேறு தங்கம். கம்பெனி 1 லட்சம் அவுன்சை ஒரு வருடம் கழித்துத் தருவதாக வங்கியிடம் விலை பேசுகிறது என்று வையுங்கள். இடையில் விலை விழுந்தால் வங்கிக்கு நஷ்டம், அதனால் அது பெரும்பாலும் ஒரு மத்திய வங்கியிடம் 1 லட்சம் அவுன்ஸ் கடன் வாங்கி அன்றே சந்தையில் விற்று, வரும் பணத்தை வட்டிக்குப் போட்டுவிடும். ஆக, பெட்டகத்தில் தூங்கிய தங்கம் இன்றைக்கே சந்தைக்கு வந்துவிட்டது.

அப்புறம் சுரங்கத்திலிருந்து வருவது கடனை அடைக்கத்தான் போகும், சந்தைக்கு வராது. அதனால் மொத்த வரத்து கூடுவதில்லை, முன்கூட்டியே வருகிறது, அவ்வளவுதான். பார்க்க வேண்டியது நிலுவை ஒப்பந்தங்கள் இந்த வருடம் கூடினவா குறைந்தனவா என்பதை: கூடினால் விலைக்கு அழுத்தம், குறைந்தால் தாங்கல்.

சில சமயம் இது தலைகீழாகத் திரும்பும். 1999 செப்டம்பரில் ஐரோப்பிய மத்திய வங்கிகள் தங்க விற்பனைக்கும் கடனுக்கும் வரம்பு வைத்ததும் விலை எகிறியது. தன் தங்கத்துக்கு முன்பே குறைந்த விலை பேசியிருந்த கானாவின் அஷாந்தி சுரங்கக் கம்பெனி விலையேற்றத்திலேயே சிக்கியது, ஏனென்றால் ஒப்பந்த நஷ்டத்துக்கு ஈடாக வங்கிகள் உடனே பணம் கேட்டன, தங்கமோ இன்னும் மண்ணுக்குள்.